ஹவ் டால் ஷி இஸ்!

இங்கிலாந்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, அதாவது ஆறு, ஏழு வயதுக்காரர்களுக்கு, செய்தி, வினா, கட்டளை, உணர்ச்சி என்று நான்கு வகை வாக்கியங்களைச் சொல்லித்தருகிறார்கள். முதல் மூன்றில் வம்பில்லை. நான்காவதை வைத்து 2016-இல் பெரியவர்கள் மல்லுக்கு நின்றார்கள். ‘வாட்’ அல்லது ‘ஹவ்’ என்று தொடங்க வேண்டும், வினைச்சொல்லும் இருக்க வேண்டும்; அப்போதுதான் தேர்வில் அது உணர்ச்சி வாக்கியம் என்றது கல்வித் துறை. அதன்படி ‘வாட் எ லவ்லி டே!’ போதாது. ‘வாட் எ லவ்லி டே இட் இஸ்!’ என்று முடிக்க வேண்டும். ‘இட்ஸ் மைன்!’ என்று தொண்டை கிழியக் கத்தினாலும் அது செய்தி வாக்கியம்தான். இப்படி யார் பேசுகிறார்கள் என்று கேட்டவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது.

ஆனால் இந்த விதிக்கு அடியில் உண்மையான இலக்கணம் ஒன்று இருக்கிறது.

‘ஷி இஸ் வெரி டால்’ என்ற சாதாரண வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ‘வெரி’யை எடுத்துவிட்டு அங்கே ‘ஹவ்’ போட்டால் ‘ஹவ் டால்’ கிடைக்கும். அதை அப்படியே முன்னால் கொண்டுவந்து, மிச்சத்தைத் தொடாமல் விட்டால் ‘ஹவ் டால் ஷி இஸ்!’ வியப்பு வந்துவிட்டது. கடைசி இரண்டு சொற்களை இடம் மாற்றினால் ‘ஹவ் டால் இஸ் ஷி?’ இப்போது யாராவது அளவுநாடாவை எடுக்க வேண்டும்.

பெயர்ச்சொல் கூடவே வந்தால் ‘வாட்’. ‘ஷி ஹாஸ் எ வெரி பிக் டாக்’ என்பது ‘வாட் எ பிக் டாக் ஷி ஹாஸ்!’ ஆகும். பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான்: ‘ஹவ் எ பிக் டாக்’ என்று எழுதிவிடுவார்கள். பண்பு மட்டும் என்றால் ‘ஹவ்’, பண்போடு பொருளும் என்றால் ‘வாட்’ என்று பிரித்துக் காட்டினால் தெளியும். எண்ண முடியாத பொருளுக்கு ‘எ’ வராது: ‘வாட் லவ்லி வெதர் வி ஆர் ஹேவிங்!’

‘இஸ்’ இல்லாத வாக்கியத்தில் வேறுபாடு இன்னும் பளிச்சென்று தெரியும். ‘ஹவ் ஃபாஸ்ட் ஹி ரன்ஸ்!’ வியப்பு, ‘ஹவ் ஃபாஸ்ட் டஸ் ஹி ரன்?’ கேள்வி. ‘டஸ்’ உள்ளே நுழைந்ததும் ‘ரன்ஸ்’ தன் வாலை அதனிடம் கொடுத்துவிடுகிறது. இந்த வகை வாக்கியத்தில் ‘டூ, டஸ், டிட்’ எழுவாய்க்கு முன்னால் உட்கார்ந்திருந்தால், பிள்ளை எத்தனை வியப்புக்குறி போட்டிருந்தாலும் ஆசிரியர் அதைக் கேள்வி என்றே திருத்தலாம்.

தமிழ்ப் பிள்ளைக்கு இது புதிது. ‘இந்த மரம் எவ்வளவு உயரம்’ என்பதில் ஒரு சொல்லும் அசையாது. கேள்வியா வியப்பா என்பதைக் குரலும் குறியும் சொல்லிவிடும். அந்தப் பழக்கத்தில்தான் ‘ஹவ் டால் இஸ் திஸ் ட்ரீ!’ என்று எழுதி, வியப்புக்குறி போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறது.