பத்து மணி மாத்திரைகள்

இரவு பத்து மணிக்கு என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கும் மருந்துகளை எல்லாம் பத்து மணிக்கே கொடுத்துவிட ஒரு நர்ஸால் முடியாது. நர்ஸிங் கல்லூரியில் இதை யாரும் இவ்வளவு பச்சையாகச் சொல்வதில்லை. நெருக்கடியான முதல் நைட் டூட்டிதான் சொல்லித் தருகிறது.

மாவட்டத் தலைநகர் ஒன்றில் ஒரு தனியார் மருத்துவமனை, அதன் மெடிக்கல் வார்டு. இரவு எட்டு மணிக்கு ஓவர் எடுத்த புது நர்ஸுக்கு எட்டு நோயாளிகள். கூட இருக்க வேண்டிய சீனியரை ஐ.சி.யூ.வில் ஆள் போதவில்லை என்று அழைத்துக்கொண்டார்கள். கையிலிருந்த காகிதத்தில் செய்ய வேண்டியதை எல்லாம் அவர் ஒழுங்காகவே எழுதியிருந்தார். ஆனால் கடிகாரப்படி எழுதியிருந்தார். பத்து மணிக்கு நேராக மட்டும் ஆறு வேலைகள். முதல் படுக்கையில் தொடங்கி வரிசையாக மருந்து ட்ராலியைத் தள்ளிக்கொண்டு போவதுதான் அவர் திட்டம்.

திட்டம் முதல் படுக்கையிலேயே கலைந்தது. ஏழாம் படுக்கைக்காரரின் மனைவி மூன்றாவது முறையாக வந்து நின்றார். “சிஸ்டர், ட்ரிப் முடிஞ்சு போச்சு, காத்து உள்ளே போயிடும், சீக்கிரம் வாங்க!” பயம் நியாயமானதுதான், ஆனால் ஆபத்து அவர் நினைத்த இடத்தில் இல்லை. ஸ்டாண்டில் தொங்கும் பாட்டிலிலிருந்து தானாக இறங்கும் மருந்து தீர்ந்தால், ரத்தக் குழாயின் அழுத்தத்துக்குச் சமமான மட்டத்தில் ட்யூபில் திரவம் நின்றுவிடும். காற்று பொதுவாக உள்ளே போகாது. ஊசி முனையில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளக்கூடும் என்பதே உண்மையான தொல்லை. ட்யூபிலுள்ள சக்கரத்தை உருட்டி மூடப் பத்து விநாடி போதும், அடுத்த பாட்டிலைப் பிறகு மாட்டலாம். புது நர்ஸோ புதுப் பாட்டில் தேடி ஸ்டோர் வரைக்கும் போய்விட்டார்.

அந்த நேரத்தில் ரவுண்ட்ஸ் வந்த நைட் சூப்பர்வைசர் இரண்டாம் படுக்கை அருகே நின்றார். அங்கே சர்க்கரை நோயுள்ள பெரியவர். எட்டு மணிக்கு இன்சுலின் போட்டுக்கொண்டு, இரண்டு இட்லியோடு போதும் என்று கையைக் கழுவியவர். “அப்பா நல்லா தூங்கறார், எழுப்பாதீங்க” என்றான் மகன். சூப்பர்வைசர் நெற்றியைத் தொட்டார். ஃபேன் காற்றிலும் வியர்த்து ஈரமாக இருந்தது. எழுப்பினால் வாய் குழறியது. விரலில் குத்திப் பார்த்ததில் சர்க்கரை 48.

சர்க்கரை 70-க்குக் கீழே போனாலே தாழ்நிலை என்று கணக்கு. நோயாளி தெளிவாக இருந்தால் 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். இவருக்கு நினைவு தெளிவாக இல்லை. வாயில் ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடலாம். டியூட்டி டாக்டரைப் போனில் பிடித்து, நரம்பு வழியாக 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி ஏற்றினார்கள். கால் மணி நேரத்தில் சர்க்கரை 112. பெரியவர் கண்ணைத் திறந்து, எதற்கு இத்தனை பேர் நிற்கிறீர்கள் என்று கேட்டார்.

அதன் பிறகே சூப்பர்வைசர் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். “எத்தனை மணிக்கு என்ன வேலைன்னு எழுதியிருக்கே. யாருக்கு மூச்சு மோசம், யாருக்கு பி.பி. இறங்குது, யாருக்கு நினைவு தடுமாறுதுன்னு இதுல எங்கேம்மா இருக்கு?”

பிறகு அவர் கேட்டது ஒரே கேள்விதான். ஒவ்வொரு வரியையும் காட்டி, “இதை ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டா என்ன ஆகும்? அதைத் திரும்பச் சரி பண்ண முடியுமா?” ஐந்தாம் படுக்கையின் வைட்டமின் மாத்திரை நள்ளிரவில் போனாலும் ஒன்றும் ஆகாது. இது சோம்பேறித்தனத்துக்குச் சாக்கு இல்லை. மருந்துப் பாதுகாப்புக்காக இயங்கும் ஐ.எஸ்.எம்.பி. என்ற அமெரிக்க அமைப்பு 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே அப்படித்தான் பிரிக்கிறது. நேரம் தவறினால் கெடுதல் செய்யும் மருந்துகளுக்கு முன்னும் பின்னும் அரை மணி, நாளுக்கு ஒரு முறை கொடுக்கும் சாதாரண மருந்துகளுக்கு இரண்டு மணி நேரம் வரை இடம் உண்டு. எல்லா மருந்தையும் ஒரே அவசரத்தில் கொடுக்க ஓடியபோது நர்ஸுகள் குறுக்குவழிகளில் இறங்கினார்கள், அதனால் தவறுகள் வந்தன. அந்த அனுபவத்துக்குப் பிறகு வந்த திருத்தம் இது.

அந்தக் கேள்வியை ஆறாம் படுக்கைக்குக் கேட்டபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலுமாக ஒன்பது மணிக்கு அட்மிட் ஆன பாட்டி. அமைதியாகப் படுத்திருந்தார், கூட வந்தவர்களும் எதுவும் கேட்கவில்லை. மூச்சு நிமிடத்துக்கு 20 என்று ஷீட்டில் இருந்தது. வார்டு நடைமுறை தெரிந்தவர்கள் இந்த 20-ஐ லேசில் நம்பமாட்டார்கள். எண்ணாமலே 18, 20 என்று எழுதிவிடும் பழக்கம் உலகம் முழுக்க உண்டு. முழு ஒரு நிமிடம் மார்பைப் பார்த்து எண்ணினால் 26.

பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய ‘நியூஸ் 2’ என்ற மதிப்பெண் முறை அந்த வார்டில் சுவரில் ஒட்டியிருந்தது. மூச்சு 26-க்கு 3 மதிப்பெண், ஆக்ஸிஜன் அளவு 95-க்கு 1, மேல் பி.பி. 98-க்கு 2, நாடி 118-க்கு 2, காய்ச்சல் 38.6 டிகிரி செல்சியஸுக்கு 1. கூட்டினால் 9. இதில் 7-ஐத் தொட்டாலே அவசர நிலை. எண்ணாமல் எழுதிய 20-ஐ வைத்துக் கூட்டினால் வெறும் 6 தான் வரும். தொற்று உடல் முழுவதையும் பாதிக்கத் தொடங்கும் செப்சிஸாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்டவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் கொடுக்கச் சொல்கிறது 2021-இன் சர்வதேச வழிகாட்டுதல். டாக்டர் வந்தார், கல்ச்சருக்கு ரத்தம் எடுத்தார்கள், முதல் டோஸ் ஏறியது. மூன்றாம் படுக்கையில் நிமோனியா தேறிவரும் இளைஞருக்கும் பத்து மணிக்கு ஆன்டிபயாடிக் இருந்தது. ஆனால் அது அவருக்கு நான்காவது நாள் மருந்து. அரை மணி காத்திருந்தது. முதல் டோஸும் பன்னிரண்டாவது டோஸும் காகிதத்தில் ஒரே மாதிரிதான் தெரியும்.

இந்தக் கேள்விக்கும் ஓர் ஓட்டை உண்டு. எட்டாம் படுக்கையில் பக்கவாதம் வந்து பேச்சிழந்தவர். இரண்டு மணிக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஒரு தடவை தவறினால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்பதால் அந்த வேலை ஒவ்வொரு முறையும் கடைசிக்குப் போகும், கடைசியில் நடக்காமலே போகும். அமெரிக்க நர்ஸிங் பேராசிரியர் பியட்ரிஸ் கலிஷ் 2006-இல் விடுபடும் பணிகளைப் பற்றி ஆராய்ந்தபோது, நோயாளியை நடக்க வைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, நேரத்துக்கு ஊட்டுவது, உடம்பைச் சுத்தம் செய்வது போன்றவைதான் முன்னால் வந்தன. கேட்க ஆளில்லாத வேலைகள். எனவே சூப்பர்வைசர் அதை வரிசையிலிருந்தே எடுத்துவிட்டார். பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று நேரம் குறித்து, கை கொடுக்க ஆயாவையும் சொல்லி வைத்தார். முதல் படுக்கையில் வலியால் முனகியவருக்கும் பத்தரைக்குள் ஊசி போடச் சொன்னார்; வலி உயிரைப் பறிக்காது என்பதற்காக விடியும்வரை பொறுத்துக்கொள் என்று சொல்வது வைத்தியம் ஆகாது.

நல்ல வரிசை எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று மருத்துவமனை நிர்வாகங்கள் நினைத்துக்கொள்ள வசதியாக இருக்கும். லிண்டா ஐக்கனும் குழுவினரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சைக்கு வந்தவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. ஐ.சி.யூ.வுக்கு இழுக்கப்பட்ட சீனியரின் இடத்தை எந்தக் காகிதமும் நிரப்பாது.

அன்றிரவு அந்தக் காகிதம் பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை, மூன்றரைக்கு ஒருமுறை புதிதாக எழுதப்பட்டது. பன்னிரண்டு மணிப் பட்டியலில் பாட்டிக்கு அரை மணிக்கு ஒருமுறை பி.பி. என்று முதல் வரி. மூன்றரைக்கு அவர் பி.பி. 112-க்கு ஏறியிருந்ததால் அந்த வரி கீழே இறங்கியது. மேலே வந்தது இரண்டாம் படுக்கை: இன்சுலினின் வேலை இன்னும் முடியாமல் இருக்கலாம் என்பதால், நான்கு மணிக்கு மறுபடி ஒரு சர்க்கரைப் பரிசோதனை.