டாலர் பங்குகளுக்கு நாணயக் காப்பு தேவையா?

ரூபாயில் ஊதியம் பெற்று, அதில் ஒரு பகுதியை அமெரிக்கப் பங்குகளில் இடுவோர் இப்போது நம்மிடையே பெருகிவிட்டனர். ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். அவர்களிடமிருந்து நான் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "பங்கு விலை ஏறியும் டாலர் மதிப்பு சரிந்தால் என் லாபம் போய்விடுமே, அதற்குக் காப்பு எடுத்துக்கொள்ள வேண்டாமா?" நியாயமான அச்சம்தான். ஆனால், பெரும்பாலோருக்கு அந்தக் காப்பே இடரைக் கூட்டிவிடும் என்பது என் கருத்து.

முதலில் காப்பு எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். தேசிய பங்குச் சந்தையில் 2008 ஆகஸ்ட் முதல் டாலர்-ரூபாய் முன்பேர ஒப்பந்தங்கள் வர்த்தகமாகின்றன. ஓர் ஒப்பந்தம் ஆயிரம் டாலர். பத்தாயிரம் டாலருக்குப் பங்கு வைத்திருப்பவர் பத்து ஒப்பந்தங்களை விற்றால், டாலர் விலை இறங்கும்போது பங்கில் ஏற்படும் ரூபாய் இழப்பை ஒப்பந்த லாபம் ஈடுகட்டும். 2024 மே மாதத்திலிருந்து, உண்மையாகவே அந்நியச் செலாவணி இடர் உள்ளவர்கள் மட்டுமே இந்தச் சந்தையில் ஈடுபட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வலியுறுத்துகிறது. அமெரிக்கப் பங்கைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்த இடர் உண்டு.

காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டுவதுபோல இதற்கும் செலவாகும் என்று பலர் எண்ணுகிறார்கள். நம் விஷயத்தில் அது தலைகீழ். இந்திய வட்டி விகிதம் அமெரிக்க வட்டியைவிட வழக்கமாக அதிகம் என்பதால், டாலரின் முன்பேர விலை அன்றைய விலையைவிடச் சற்று உயர்ந்தே நிற்கும். வட்டி வேறுபாடு இரண்டு சதவீதம் என்றால், ஓராண்டுக்குப் பிந்தைய டாலரை ஏறத்தாழ இரண்டு சதவீதம் கூடுதல் விலைக்கு இன்றே விற்றுவிடலாம். ஆக, காப்பு எடுப்பவருக்குப் பணம் வருகிறது. பதிலுக்கு அவர் விட்டுக்கொடுப்பது, ரூபாய் அதற்கும் மேல் சரிந்தால் கிடைக்கக்கூடிய ஆதாயத்தை. கவர்ச்சியான பேரமாகத்தான் தோன்றும். கெட்ட ஆண்டு ஒன்றில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

2022ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டில் எஸ் அண்ட் பி 500 குறியீட்டெண் 19.4 சதவீதம் சரிந்தது. டாலரோ ஏறத்தாழ 74.30 ரூபாயிலிருந்து 82.70 ரூபாயாக உயர்ந்தது. ஆண்டுத் தொடக்கத்தில் பத்தாயிரம் டாலரை, அதாவது 7,43,000 ரூபாயை, அந்தக் குறியீட்டில் இட்டவரிடம் ஆண்டு முடிவில் 8,060 டாலர் மிஞ்சியது. ரூபாயில் அதன் மதிப்பு சுமார் 6,66,500. டாலரில் 19 சதவீத நஷ்டம், ரூபாயில் 10 சதவீதமாகச் சுருங்கிவிட்டது.

அவரே பத்து ஒப்பந்தங்களை விற்றிருந்தால்? வட்டி வேறுபாட்டால் நான்கு சதவீதம் கிடைத்தது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். விற்ற விலை 77.30. டாலர் 82.70ஐத் தொட்டபோது, ஒரு டாலருக்கு 5.40 ரூபாய் வீதம் 54,000 ரூபாய் நஷ்டம். கையில் எஞ்சுவது 6,12,500. மொத்த இழப்பு 17 சதவீதத்துக்கும் மேல். இதில் இன்னொரு நுட்பமும் ஒளிந்திருக்கிறது. பங்குகளின் மதிப்பு 8,060 டாலராகக் குறைந்த பின்னரும் காப்பு பத்தாயிரம் டாலருக்கே நின்றது. இல்லாத 1,940 டாலருக்குச் செய்த காப்பு வெறும் ஊகப் பந்தயம். அந்த 54,000 ரூபாயையும் ஆண்டிறுதி வரை தள்ளிப்போட முடியாது. டாலர் ஏறும் ஒவ்வொரு நாளும் தரகர் கணக்கில் ரூபாய் செலுத்தியாக வேண்டும். செலுத்தத் தவறினால் ஒப்பந்தம் முடித்துவைக்கப்படும், பெரும்பாலும் மிக மோசமான விலையில்.

இது ஓர் ஆண்டின் தற்செயல் அன்று. உலகச் சந்தைகளில் பீதி பரவும்போது முதலீட்டாளர்கள் வளரும் நாடுகளிலிருந்து பணத்தை எடுத்து டாலருக்கு ஓடுகிறார்கள்; ரூபாய் சரிகிறது. 2008இலும் அதுவே நடந்தது: அமெரிக்கக் குறியீடு 38 சதவீதம் வீழ்ந்த அதே ஆண்டில் டாலர் சுமார் 39.40 ரூபாயிலிருந்து 48 ரூபாயைத் தாண்டியது. பங்கு விழும்போது டாலர் எழுந்து அடியைத் தாங்கிக்கொள்கிறது. கூலி கேட்காமல் கிடைக்கும் அந்தத் தாங்கலைத்தான் காப்பு எடுப்பவர் விற்றுவிடுகிறார்.

எதிர்ச் சாட்சியையும் மறைப்பதற்கில்லை. 2007இல் குறியீடு மூன்றரை சதவீதம் உயர்ந்தது. டாலரோ ஏறத்தாழ 44.20 ரூபாயிலிருந்து 39.40க்கு இறங்கியது. அந்த ஆண்டில் ரூபாய்க்காரருக்கு எட்டு சதவீத நஷ்டம். அத்தகைய ஆண்டு மீண்டும் வராது என்று எவரும் உறுதி கூற முடியாது. ஆனால், அத்தகைய ஆண்டில் ரூபாய் வலுப்பெறுவதால் ஊதியம் பெறுபவரின் இதர வாழ்க்கைக்குப் பாதகம் ஏதும் நேர்வதில்லை. 2008 போன்ற ஆண்டிலோ பங்கு, வேலை, விலைவாசி மூன்றும் ஒருசேர அச்சுறுத்தும். நான் அஞ்சுவது இரண்டாவதற்கு.

இன்னொரு தவறான புரிதலும் உண்டு. விலை டாலரில் இருப்பதாலேயே ஒரு பங்கு டாலர் இடரைச் சுமப்பதாகாது. நியூயார்க்கில் வர்த்தகமாகும் இன்ஃபோசிஸ் வைப்புச் சான்றை வாங்குபவர், மும்பையில் விற்கும் அதே பங்கைத்தான் டாலர் உடையில் வாங்குகிறார். ரூபாய் சரிந்தால் அந்தச் சான்றின் டாலர் விலையும் அதற்கேற்ப இறங்கும். அதற்குக் காப்பு எடுத்தால், இல்லாத இடருக்குக் காப்பு எடுத்ததாகிவிடும்.

அடிக்கடி வாங்கி விற்பவர்களுக்கு நாணய அசைவைவிட நாணய மாற்றுச் செலவே பெரிய பகை. வங்கி நமக்குத் தரும் விகிதத்துக்கும் சந்தை விகிதத்துக்கும் இடையே ஒரு சதவீத வேறுபாடு இருந்தாலே, போய்த் திரும்பும் பணம் இரண்டு சதவீதம் தேய்ந்துவிடும். ஆகவே, விற்ற பணத்தை ஒவ்வொரு முறையும் ஊருக்குக் கொண்டுவராமல் டாலராகவே வைத்து அடுத்த பங்கில் இடுவது நல்லது. ஆனால், மறுமுதலீடு செய்யாமல் 180 நாட்களுக்கு மேல் சும்மா வைத்திருக்க விதிமுறை இடம் தருவதில்லை.

அப்படியானால் எவருக்குமே காப்பு தேவையில்லையா? என் முன்னாள் சக ஊழியர் ஒருவர் வீடு வாங்க முன்பணம் கொடுத்துவிட்டார். எஞ்சிய தொகையை ஆறு மாதத்தில் ரூபாயில் செலுத்த வேண்டும். அந்தப் பணம் அமெரிக்கப் பங்குகளில் இருந்தது. காப்பு எடுக்கலாமா என்று கேட்டார். டாலர் ஆறு மாதத்தில் ஐந்து சதவீதம் அசைந்தால் அதிகம். பங்குகள் இருபது சதவீதம் அசையக்கூடும். எனவே, தேவைப்படும் அளவுக்குப் பங்கையே விற்றுப் பணத்தைக் கொண்டுவரச் சொன்னேன். இரண்டாண்டு நிறைந்தால் மூலதன ஆதாய வரி குறையும் என்பதால் விற்கத் தயங்கினார். அந்தச் சில வாரங்களுக்கு மட்டும், அதுவும் பங்கு மதிப்பில் பாதிக்கு மட்டும், காப்பு எடுத்துக்கொண்டார். அதற்கு நானும் மறுப்புச் சொல்லவில்லை.

அவருடைய மைத்துனர் நிலைமை வேறு. மகளை மூன்றாண்டுகளில் அமெரிக்காவில் மேற்படிப்புக்கு அனுப்பத் திட்டமிட்டிருக்கிறார். கட்டணம் டாலரில்தான் கட்ட வேண்டும். அவருக்கு டாலர் சேமிப்பே காப்பு. அதன்மேல் இன்னொரு காப்பு எடுத்தால், ரூபாய் சரியும் நாளில் கட்டணமும் உயர்ந்திருக்கும், ஒப்பந்தத்திலும் நஷ்டம் கட்ட வேண்டியிருக்கும்.