பழைய நகையை மாற்றினாலும் வரி உண்டு

அம்மா விட்டுச்சென்ற பத்துப் பவுன் சங்கிலியை மகள் விற்கிறார். ஏழு லட்சம் ரூபாய் கிடைக்கிறது. காசு கொடுத்து வாங்காத நகைக்கு வரி எதற்கு என்று அவருக்குத் தோன்றுவது இயல்பு. பரம்பரையாக வந்து சேர்ந்தபோது வரி இல்லை, விற்கும்போது உண்டு. இந்திய வருமான வரிச் சட்டம் உடுத்தும் துணி, வீட்டுச் சாமான் போன்றவற்றைச் சொந்த உபயோகப் பொருள் என்று விட்டுவிடுகிறது. நகையையோ மூலதனச் சொத்தாகவே வைத்திருக்கிறது.

அப்படியானால் லாபத்தை எப்படிக் கணக்கிடுவது? அம்மா வாங்கிய விலைதான் மகளுக்கும் அடக்க விலை. அம்மா வைத்திருந்த காலமும் மகள் கணக்கில் சேரும். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியதாக இருந்தால், அன்றைய சந்தை மதிப்பையே அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். பழைய ரசீது தொலைந்த குடும்பங்களுக்கு இது பெரிய உதவி. பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் சான்று வாங்கினால் போதும்.

அந்த மதிப்பு 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லாபம் 6,70,000. இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்த நகை என்பதால் 12.5 சதவீதம், அதாவது 83,750 ரூபாய் வரி. 4 சதவீத செஸ் சேர்த்தால் 87,100. மகளுக்கு வேறு வருமானம் குறைவு என்றால், அடிப்படை வரிவிலக்கில் மீதமுள்ள தொகையை இந்த லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். இரண்டு ஆண்டுக்குள் விற்கும் நகையின் லாபமோ மற்ற வருமானத்தோடு சேர்ந்து, அவரவர் வரி விகிதத்தில் போகும்.

பலர் தவறுவது வேறோர் இடத்தில். பழைய நகையைக் கொடுத்துப் புதியது எடுப்பதும் சட்டப்படி விற்பனைதான். கையில் பணம் வரவில்லை என்பதால் கணக்கில் காட்டாமல் விட்டுவிடுகிறார்கள்.

தங்க நாணயத்துக்கும் இங்கே இதே விதிதான். பங்குச்சந்தையில் விற்கும் தங்க இடிஎஃப்புக்கு மட்டும் ஓராண்டு தாண்டினாலே 12.5 சதவீதம், தங்க மியூச்சுவல் ஃபண்டுக்கு இரண்டு ஆண்டு வேண்டும்.

கடல் தாண்டினால் கதை மாறுகிறது. பிரிட்டனில் சவரன், பிரிட்டானியா நாணயங்கள் செல்லுபடியாகும் பணம். பணத்தை விற்று லாபம் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை, எனவே மூலதன ஆதாய வரியும் இல்லை. அதே தங்கம் கட்டியாக இருந்தால் வரி வரம்புக்குள் வந்துவிடும். அமெரிக்கா தங்கத்தை ஓவியம், அரிய தபால்தலையோடு சேகரிப்புப் பொருளாக வைக்கிறது. அதனால் நீண்டகால லாபத்துக்குப் பங்குகளைவிட உயர்ந்த உச்சவரம்பு, 28 சதவீதம். தங்கக் கட்டியையே இருப்பு வைக்கும் இடிஎஃப்பும் இதில் அடக்கம். ஜெர்மனியில் ஓராண்டு வைத்திருந்துவிட்டு விற்றால் வரியே கிடையாது. சிங்கப்பூரில் மூலதன ஆதாய வரி என்ற ஒன்றே இல்லை.

தங்கம் பணமா, பண்டமா, சொத்தா என்பதற்கு ஒவ்வொரு நாடும் தன் பதிலை எழுதிவைத்திருக்கிறது. வரி அந்தப் பதிலைப் பின்தொடர்கிறது. ஆகவே வெளிநாட்டு உறவினர் சொல்லும் விதியை நம்பி இங்கே நகையை விற்க வேண்டாம். வாங்கிய ரசீதையும், பாட்டி நகைக்கு மதிப்புச் சான்றையும் இப்போதே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.