மழை ஓயும் ஐந்து நிமிடம்

மதியச் சாப்பாடு முடிந்து மணி அடித்த இரண்டாவது நிமிடம் மூன்றாம் வகுப்பு வாசலில் நின்று பார்த்திருக்கிறீர்களா? கழுவிய தட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஒருவன் ஓடி வருவான். விளையாட்டில் தோற்றவள் வழியெல்லாம் வாதாடிக்கொண்டே வருவாள். குழாயடியில் சட்டை நனைந்தவன் அதைப் பிழிந்துகொண்டிருப்பான். உள்ளே கால் வைப்பதற்குள் நாலு புகார். "டீச்சர், இவன் என் முட்டையைப் பிடுங்கிட்டான்." "டீச்சர், இவ என்னைத் தள்ளிட்டா." இருபத்தெட்டுப் பேர். எல்லோருக்கும் எட்டு வயது, அல்லது எட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் வயது.

இந்த நேரத்தில் நான் பல வருடங்கள் செய்துவந்தது மேஜையைத் தட்டுவதுதான். "கை கட்டு, வாயில விரல் வை" என்பேன். சத்தம் சட்டென்று நிற்கும். நோட்டை எடுக்கச் சொன்னதும் பழையபடி கிளம்பும். மறுபடி தட்டுவேன். இப்படியே பாடவேளையில் கால் பங்கு போய்விடும், தொண்டையும் கட்டிவிடும். பிழை எங்கே என்று புரியவே எனக்கு நாளாயிற்று. ஓடிவந்த உடம்பை உட்கார்ந்த உடம்பாக ஒரே தாவலில் மாற்றப் பார்த்தேன். நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் பேருந்தில் திடீரென்று பிரேக் போட்டால் உள்ளே இருப்பவர்கள் என்ன ஆவார்களோ, அதுதான் வகுப்பிலும் ஆனது.

இசை மருத்துவத்தில் இதற்கு ஒரு பழைய வழி உண்டு. 1940களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஐரா ஆல்ட்ஷுலர் சொன்னது: நோயாளியின் மனநிலை எப்படி இருக்கிறதோ அதற்கு ஒத்த இசையில் தொடங்கு, பிறகு அந்த இசையை மெல்ல மெல்ல மாற்றிக் கொண்டுபோ. கொந்தளிப்பவருக்கு எடுத்த எடுப்பில் தாலாட்டுப் பாடினால் எரிச்சல்தான் மிஞ்சும். நம் வகுப்பில் நோயாளி யாரும் இல்லை. ஆனால் கணக்கு ஒன்றுதான்: சத்தத்தோடு தொடங்கி, சத்தத்தையே படிப்படியாக இறக்குவது.

நான் செய்யும் ஐந்து நிமிடம் வாசலிலேயே தொடங்குகிறது. எல்லோரும் வந்து உட்காரும்வரை காத்திருப்பதில்லை. காத்திருந்தால் முதலில் வந்த பத்துப் பேருக்கு வேலையில்லாமல் போகும். குறும்பு பிறப்பது அந்த இடைவெளியில்தான். முதல் ஐந்து பேர் பாயில் உட்கார்ந்ததும் நான் கை தட்ட ஆரம்பிப்பேன்: தகதிமி, தகதிமி. நாலு தட்டு நான், அதே நாலு தட்டு அவர்கள். உரக்கவே தட்டலாம், வாயாலும் சொல்லலாம். பின்னால் வருபவர்கள் கேள்வி கேட்காமல் அதில் சேர்ந்துகொள்வார்கள், ஓடும் ரயிலில் ஏறுவதைப் போல. கொஞ்சம் பிடிபட்டதும் தகிட என்று மூன்றாக்குவேன், பிறகு தகதகிட என்று ஐந்தாக்குவேன். நாலிலிருந்து மூன்றுக்கு மாறும்போது காதைக் கொடுக்காதவன் தனியாக ஒரு தட்டு தட்டி மாட்டிக்கொள்வான். எல்லோரும் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான், அடுத்த முறை கவனிப்பான். சங்கீதம் தெரிய வேண்டியதில்லை, எனக்கும் தெரியாது. ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூட ஆகும்.

அடுத்து மழை. கூட்டுப் பாடல் குழுக்களிலும் நாடகப் பட்டறைகளிலும் பல நாடுகளில் ஆடும் விளையாட்டு இது. வழக்கமாகத் தூறலில் ஆரம்பித்துப் புயலாக்கி மறுபடி ஓயவைப்பார்கள். மதியத்துக்குப் பின் நான் முதல் பாதியை வெட்டிவிடுகிறேன், ஏனென்றால் புயலை அவர்களே மைதானத்திலிருந்து கொண்டுவந்துவிட்டார்கள். நேராக இடியில் தொடக்கம்: இரண்டு கையாலும் தரையைத் தட்டுவது. பிறகு தொடையைத் தட்டினால் கொட்டும் மழை. ஒரு விரலால் உள்ளங்கையைத் தட்டினால் தூறல். (சொடக்குப் போடச் சொல்லாதீர்கள். எட்டு வயதில் பலருக்கு அது வராது. வராதவர்கள் வரும்வரை முயல்வார்கள், வந்தவர்கள் நிறுத்தவே மாட்டார்கள்.) கடைசியில் இரண்டு உள்ளங்கையையும் தேய்த்தால் காற்று. அப்புறம் கை மடியில்.

இதன் உயிர் ஒரு சின்ன விதியில் இருக்கிறது. நான் வாயைத் திறப்பதில்லை. புதிய அசைவைச் செய்துகொண்டே வகுப்பின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடப்பேன். நான் யார் எதிரே வருகிறேனோ அவர்கள் மட்டும் மாற வேண்டும். நான் வரும்வரை மற்றவர்கள் பழையதையே தொடர வேண்டும். அதனால் மழை நிஜமாகவே அறையின் ஒரு பக்கத்தில் விட்டு, மறு பக்கத்தில் கொட்டிக்கொண்டிருக்கும். குழந்தைகளின் கண் என்னை விட்டு நகராது. கை துடிக்கும், ஆனாலும் முறை வரும்வரை பொறுப்பார்கள். நினைத்ததை உடனே செய்யாமல் நிறுத்திவைக்கும் திறமை அந்த வயதில் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதற்குப் பொறுப்பான மூளையின் முன்பகுதி முழு முதிர்ச்சி அடைய இருபது வயதும் தாண்டும். 'சும்மா இரு' என்று சொன்னால் அந்தத் திறமைக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. 'நான் வரும்வரை தொடையைத் தட்டு' என்றால் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைக்கிறது.

காற்று நின்றதும் மூச்சு. கையில் சுடச்சுடப் பால் டம்ளர் இருப்பதாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். மூக்கால் வாசனை பிடிப்பது மூன்று எண்ணும் நேரம். உதட்டைக் குவித்து ஊதுவது ஆறு எண்ணும் நேரம். வேகமாக ஊதினால் பால் சிந்திவிடும். ஐந்து தரம் போதும். மூச்சை உள்ளே இழுக்கையில் இதயம் சற்று வேகமாகவும், வெளியே விடுகையில் சற்று மெதுவாகவும் துடிக்கும். மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பின் வேலை அது. ஆகவே ஊதும் நேரம் நீளமாக இருப்பதுதான் முக்கியம். 'மூச்சை இழுத்துப் பிடி' என்று சொன்னால் காரியம் கெடும். யார் அதிக நேரம் பிடிப்பது என்று போட்டி தொடங்கி, முகம் சிவந்து, இரண்டு பேர் மயங்கி விழுவதுபோல் நடிப்பார்கள்.

கடைசி அரை நிமிடம் கேட்பது. கண்ணை மூடலாம், மூடப் பிடிக்காதவர்கள் தரையைப் பார்க்கலாம். எத்தனை விதமான சத்தம் கேட்கிறது என்று மனசுக்குள் எண்ண வேண்டும். பாத்திரம் கழுவும் ஓசை, காக்கை, ரோட்டில் போகும் டிவிஎஸ், பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு. கை தூக்கிச் சொல்ல வேண்டாம். எண்ணிய எண்ணை நோட்டில் எழுதி, அதன் கீழே கரும்பலகையில் இருக்கும் முதல் கணக்கைப் போட ஆரம்பிக்க வேண்டும்.

எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்தது இந்த இடம்தான். அமைதியில் முடித்தால் அமைதி நிற்காது. பென்சிலில் முடிக்க வேண்டும். அதற்கு நோட்டும் பென்சிலும் மணி அடிக்கும் முன்பே அவரவர் இடத்தில் இருக்க வேண்டும், கணக்கும் பலகையில் எழுதியிருக்க வேண்டும். ஒரு புதன்கிழமை நோட்டுக்கட்டு அலமாரியிலேயே இருந்துவிட்டது. மழை அழகாக ஓய்ந்தது, பாலும் சிந்தவில்லை. நோட்டைக் கொடுக்க இரண்டு பேரை எழுப்பினேன், அவ்வளவுதான். "டீச்சர், எனக்கு வரல", "இது என்னுது இல்ல", அட்டை கிழிந்ததற்கு ஒரு சண்டை. ஐந்து நிமிட உழைப்பு அரை நிமிடத்தில் கரைந்தது. அன்றிலிருந்து சாப்பிடப் போகும் முன் நோட்டுகளைப் பாயில் விரித்துவைத்துவிட்டுத்தான் அறையைப் பூட்டுகிறேன்.

புதிதாகத் தொடங்குபவர்கள் இதை மதியத்தில் சொல்லிக்கொடுக்காதீர்கள். புது விளையாட்டின் விதியைக் கேட்கும் நிலையில் அப்போது யாரும் இருப்பதில்லை. முதல் மூன்று நாள் காலையில், வகுப்பு தெளிவாக இருக்கும்போது பழக்குங்கள். நாலாம் நாள் மதியத்துக்கு மாற்றலாம். இரண்டு மூன்று வாரத்தில் சலிப்பு தட்டும். தட்டல் ஏனோதானோ என்று விழுவதிலேயே அது தெரிந்துவிடும். அப்போது வரிசையை மாற்றாமல் ஒரு துண்டை மட்டும் மாற்றுவேன். மழைக்குப் பதில் ரயில் நிலையத்துக்குள் வந்து நிற்கும், பாலுக்குப் பதில் ஒரு இறகு பறக்கும். வரிசை மாறினால் பழக்கம் குலைந்துபோகும்.

போட்டி வைத்து 'அவுட்' ஆக்கும் விளையாட்டு இந்த நேரத்துக்கு ஆகாது. வயிறு நிறையச் சாப்பிட்டவர்களைக் குதிக்கவைப்பதும் ஆகாது. இரைச்சலைத் தாங்க முடியாமல் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளை ஒன்று அநேகமாக எல்லா வகுப்பிலும் உண்டு. இடி முடியும்வரை அவன் வாசலில் நின்று வருபவர்களை எண்ணட்டும், தூறலில் வந்து சேர்ந்துகொள்ளட்டும். ஒரே கூடத்தில் இரண்டு வகுப்பு நடக்கும் பள்ளி என்றால் தரைக்குப் பதில் தொடையிலிருந்து தொடங்குங்கள். பக்கத்து டீச்சரின் பகை வேண்டாம்.

எல்லா நாளும் ஒரே மருந்தும் இல்லை. ஏப்ரல் வெயிலில் பிள்ளைகள் இரைச்சலோடு வருவதில்லை, வாடிப்போய் வருகிறார்கள். மதியத்தில் உடம்பு தன் நாள் கணக்கின்படியே கொஞ்சம் மந்தமாகும். சாப்பாடு அதைக் கூட்டுமே தவிர, சாப்பிடாவிட்டாலும் மந்தம் வரும். அன்றைக்கு மழையைத் தலைகீழாக்கி, காற்றில் தொடங்கித் தொடையில் நிறுத்துவேன். எது தேவை என்பதை வாசலில் காது கொடுத்தால் தெரிந்துகொள்ளலாம். ஓட்டத்தின் இரைச்சல் வேறு, சிணுங்கலின் இரைச்சல் வேறு.

பலன் இருக்கிறதா என்று பார்க்க நான் ஒன்றை மட்டும் குறித்துவைக்கிறேன்: மணி அடித்ததிலிருந்து கடைசிப் பென்சில் நகரும்வரை எத்தனை நிமிடம். அது ஏழைத் தாண்டினால், ஐந்து நிமிடத்தை நான் இழுத்துவிட்டேன் என்று அர்த்தம். பிள்ளைகளுக்கு மழை பிடித்துப்போய் "இன்னொரு வாட்டி டீச்சர்" என்பார்கள். கொடுத்தால் ஓய்ந்த வகுப்பு மறுபடி கிளம்பும். நாளைக்கு என்று சொல்லிவிடுவேன்.

மீதி இருப்பது அந்தப் புகார்கள். தட்டல் நடக்கும்போது விசாரணை நடத்த முடியாது, கேட்காமல் விட்டாலும் நியாயமில்லை. வாசலில் ஒரு செருப்புப் பெட்டியும், கிழிந்த நோட்டுத் தாள்களும் வைத்திருக்கிறேன். புகார் உள்ளவர்கள் பெயரும் ஒரு வரியும் எழுதிப் போட வேண்டும். எழுத வராதவர்கள் படம் வரையலாம். மூன்று மணிக்குத் திறப்பேன். போன வாரம் ஒரு தாளில் முட்டை ஒன்று வரைந்து, அதில் பாதியைக் கடித்த மாதிரி பல் பல்லாகக் காட்டியிருந்தது. வரைந்தவனைக் கூப்பிட்டேன். கடித்தவனோடு தோளில் கைபோட்டபடி வந்து நின்று, "அது அப்போ டீச்சர்" என்றான்.