முடியாததும் கடமையா?

மாலை 6 மணிக்கு வந்து சந்திக்கிறேன் என்று நண்பர் பிரவுனுக்கு மதியமே வாக்குக் கொடுக்கிறார் ஆடம்ஸ். சாயங்காலம் படம் பார்க்கும் ஆசை வந்துவிடுகிறது. 5 மணிக்குத் தியேட்டரில் போய் உட்கார்ந்துவிடுகிறார். அங்கிருந்து சந்திக்க வேண்டிய இடத்துக்கு 65 நிமிடம் ஆகும். இது தெரிந்தேதான் போனார். இனி எவ்வளவு வேகமாக ஓடினாலும் 6 மணிக்குப் போய்ச் சேர முடியாது. அப்படியென்றால், பிரவுனைச் சந்திக்க வேண்டிய கடமை அவருக்கு இன்னும் இருக்கிறதா, இல்லையா?

அமெரிக்கத் தத்துவ அறிஞர் வால்டர் சின்னாட்-ஆம்ஸ்ட்ராங் 1984இல் எழுதிய கட்டுரையில் வரும் கற்பனைக் கதை இது. முடியாத ஒன்று யாருக்கும் கடமை ஆகாது என்பது அறவியலில் நெடுங்காலமாக ஏற்கப்பட்டுவந்த விதி. ஜெர்மானியத் தத்துவ அறிஞர் கான்ட்டின் பெயரோடு சேர்த்தே அதைச் சொல்வார்கள். விதியில் நியாயம் இல்லாமல் இல்லை. நீச்சல் தெரியாதவரிடம் போய், மூழ்கியவரை நீ ஏன் நீந்திக் காப்பாற்றவில்லை என்று யார் கேட்பார்கள்?

ஆனால் அந்த விதியை அப்படியே ஏற்றால், தியேட்டர் நாற்காலியில் உட்கார்ந்த கணமே ஆடம்ஸின் கடமை காணாமல் போய்விடுகிறது. வாக்கைத் தட்டிக்கழிக்க இதைவிடச் சுலபமான வழி வேண்டுமா?

விதியை ஆதரிப்பவர்களிடம் இதற்குப் பதில் இருக்கிறது. ஆடம்ஸ் தவறு செய்தது 6 மணிக்கு அல்ல, தியேட்டருக்குக் கிளம்பியபோதே என்பார்கள். அப்போது போகாமல் இருக்க அவரால் முடியும். அந்தக் கடமையைத்தான் மீறினார். 5 மணிக்குப் பிறகு சந்திக்கும் கடமை போய், பிரவுனுக்குத் தகவல் சொல்வதும் மன்னிப்புக் கேட்பதும் அதன் இடத்துக்கு வருகின்றன. சின்னாட்-ஆம்ஸ்ட்ராங் இதில் திருப்தி அடையவில்லை. ஒருவருக்கு யோசனை சொல்லும்போது, அவரால் முடிந்ததைத்தான் சொல்வோம். குறை சொல்லும்போது அந்தக் கட்டுப்பாடு நமக்கு இல்லை என்பது அவர் வாதம்.

சாதாரண மக்கள் என்ன நினைக்கிறார்கள்? 2016இல் அவரும் சக ஆய்வாளர்களும் இதேபோன்ற கதைகளைச் சொல்லிக் கருத்துக் கேட்டார்கள். வழியில் கார் பழுதாகி ஒருவரால் வர முடியவில்லை. இன்னொருவர் வேண்டுமென்றே வீட்டில் தங்கி நேரத்தைக் கடத்தினார். இருவராலும் போய்ச் சேர முடியாது. ஆனாலும் இரண்டாமவருக்குக் கடமை இன்னும் இருக்கிறது என்று சொன்னவர்களே அதிகம். முடியுமா என்பதைவிட யார்மீது பழி என்பதே மக்கள் தீர்ப்பை நகர்த்தியிருக்கிறது.

நம் சட்டமும் இந்த வேறுபாட்டைப் பார்க்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 56ஆம் பிரிவு, செய்ய இயலாத காரியத்துக்கான உடன்பாடு செல்லாது என்கிறது. மந்திரத்தால் புதையல் எடுத்துத் தருகிறேன் என்ற உடன்பாட்டை அதற்கு உதாரணமாகத் தருகிறது. அதே பிரிவு அடுத்து இன்னொன்றும் சொல்கிறது: முடியாது என்று தெரிந்தே ஒருவர் வாக்குக் கொடுத்து, அதை அறியாமல் மற்றவர் நம்பி நஷ்டப்பட்டால், வாக்குக் கொடுத்தவர் ஈடு தர வேண்டும். காரியம் கைவிடப்படுகிறது, பொறுப்பு கைவிடப்படுவதில்லை. எனக்கு இதுவே சரியாகப் படுகிறது.

எந்தத் தவறும் செய்யாதவரின் நிலைதான் சிக்கலானது. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயலின்போது நியூ ஆர்லியன்ஸின் மெமோரியல் மருத்துவமனையை வெள்ளம் சூழ்ந்தது. மின்சாரம் போய்விட்டது. எல்லா நோயாளிகளையும் காப்பாற்ற டாக்டர்களாலும் நர்சுகளாலும் முடியவில்லை. இப்படிப்பட்ட இடங்களில், முடியாதபோதும் அறத்தின் கட்டளை நிற்கவே செய்கிறது, அதில் தோற்பது உண்மையான தோல்விதான் என்று லிசா டெஸ்மன் 2015இல் ஒரு நூலில் வாதிட்டார். அந்த வேதனை உண்மையானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கடமை தவறினாய் என்று அந்த நர்சிடம் சொல்வது அநியாயம். இழந்ததற்காக வருந்துவதும் செய்த தவறுக்குக் குற்றவாளி ஆவதும் வேறு வேறு.

குற்றத்தைத் தேட வேண்டிய இடம் வேறு. அவசர மின்சாரத்துக்கான முக்கிய ஸ்விட்சுகள் அந்தக் கட்டடத்தில் தரையிலிருந்து சில அடி உயரத்திலேயே இருந்தன. வெள்ளம் வந்தால் அவை செயலிழக்கும் என்பது முன்பே தெரிந்த அபாயம். மின்சாரம் நின்ற இரவில் நர்சுக்கு முடியாமல் போனது, அதற்குப் பல ஆண்டுகள் முன்பு நிர்வாகத்துக்கு முடிந்திருந்தது. முன்னேற்பாடு போதவில்லை என்று நோயாளிகளும் குடும்பங்களும் தொடுத்த வழக்கில், மருத்துவமனையை அப்போது நடத்திவந்த நிறுவனம் 2011இல் 2.5 கோடி டாலர் தரச் சம்மதித்தது.