மூல ஒப்பந்தம் செல்லாதபோது, அதையொட்டிய கடன் செல்லுமா?

ஓர் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது எனில், அதற்காக வாங்கிய கடனும் எழுதிக்கொடுத்த புரோநோட்டும் செல்லாமற் போய்விடுமா? மூல ஒப்பந்தம் வெறுமனே செல்லாததா, அல்லது சட்டவிரோதமானதா என்பதைப் பொறுத்தே இதற்கு விடை அமைகிறது.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 30-ஆம் பிரிவில், பந்தய ஒப்பந்தங்கள் செல்லாதவை என்கிறது. வென்றவர் பந்தயப் பணத்துக்காக வழக்குத் தொடர இயலாது. ஆனால், பந்தயம் கட்டுவதைக் குற்றம் என்று அப்பிரிவு கூறவில்லை. கேருலால் பாரக் வழக்கில் இரு தரப்பினர் கூட்டாகச் சேர்ந்து, ஹாப்பூரைச் சேர்ந்த இரு நிறுவனங்களுடன் கோதுமை விலையின் மீது பந்தய பேரங்கள் செய்தனர். நட்டம் முழுவதையும் செலுத்திய ஒருவர், மற்றவரிடம் பாதியைக் கேட்டார். பந்தயம் செல்லாதது எனினும், அதையொட்டிய கூட்டு ஒப்பந்தம் சட்டவிரோதமன்று என 1959-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னாள் பம்பாய் மாகாணத்தின் 1865-ஆம் ஆண்டுச் சட்டம் மட்டும், பந்தயத்தையொட்டிய ஒப்பந்தங்களையும் செல்லாதவையாக்கியது.

23-ஆம் பிரிவின்கீழ் வருபவை வேறு வகை. நோக்கமோ மறுபயனோ சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தாலும், பொதுக்கொள்கைக்கு முரணாக இருந்தாலும் அவ்வொப்பந்தம் செல்லாது. பணம் பெற்று அரசுப் பணி வாங்கித் தருவதாகச் சொல்வதை அச்சட்டமே உதாரணமாகக் காட்டுகிறது. இங்குக் கறை பக்கத்து ஒப்பந்தத்திலும் படியும்.

ஒருவர் இத்தகைய இடைத்தரகரிடம் கொடுக்க 5 லட்சம் ரூபாய் திரட்டுவதாகக் கொள்வோம். அதில் 3 லட்சத்தை நண்பர் ஒருவர் புரோநோட்டின்பேரில் தருகிறார். பணம் எதற்கு என்று அறிந்து, அக்காரியம் நிறைவேறுவதற்கென்றே அவர் தந்திருந்தால், நீதிமன்றம் அக்கடனை வசூலிக்க உதவாது. அடமானம் பெற்றிருந்தாலும் அதன் நிலையும் இதுவே. நோக்கம் அறியாமல் கொடுத்திருந்தால், அவருடைய உரிமைக்குப் பழுதில்லை.

வேலை கிடைக்காமல், இடைத்தரகர் தந்த காசோலை பணமின்றித் திரும்பினால் என்ன ஆகும்? மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு, சட்டப்படி வசூலிக்கத்தக்க கடனுக்கான காசோலைகளுக்கே பொருந்தும். அத்தகைய கடன் உண்டு என்றே நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும்; எனினும், பணம் கைமாறியதன் உண்மை நோக்கத்தை எதிர்தரப்பு மெய்ப்பித்தால் வழக்கு நிலைக்காது. இருவரும் தவறில் பங்காளிகளாயின், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் பொதுவாக வழியில்லை.

மீதி 2 லட்சத்தை, வீடு பழுதுபார்ப்பதாகக் கூறி வங்கியில் தனிநபர் கடனாகப் பெற்றிருந்தால் நிலைமை வேறு. உண்மை நோக்கம் வங்கிக்குத் தெரியாது. எனவே கடன் ஒப்பந்தம் முழுமையாகச் செல்லும். இடைத்தரகர் ஏமாற்றினாலும் மாதத் தவணை நிற்காது. கொடுத்த பணம் திரும்பாது. வாங்கிய கடனோ தீராது.