அதே விற்பனை, மூன்று வருமானம்

சென்னையில் மென்பொருள் விற்கும் வேலைக்கு வருகிற ஆஃபர் லெட்டரில் ஆண்டுக்கு 24 லட்சம் என்று போட்டிருந்தால், அதில் பாதிதான் சம்பளம். மீதிப் பாதி நிபந்தனை. மாதாமாதம் ஒரு லட்சம் கணக்கில் விழுந்துவிடும். இன்னொரு 12 லட்சம், கொடுத்த டார்கெட்டைச் சரியாக முடித்தால் வரக்கூடிய கமிஷன். சந்தா முறையில் மென்பொருள் விற்கும் நிறுவனங்களில் இந்தப் பாதிக்குப் பாதி ஏற்பாடு உலகம் முழுக்க வழக்கம். இங்கே உட்கார்ந்தபடி அமெரிக்க வாடிக்கையாளரிடம் போனில் பேசி விற்கும் நம் பிள்ளைகளுக்கும் அதே ஏற்பாடுதான். பெண் பார்க்கப் போகும் வீட்டில் சொல்வதற்கு 24 லட்சம் கம்பீரமான எண். வீட்டுக்கடன் கேட்டுப் போனால் வங்கி அதிகாரி மாதச் சம்பளத்தைத்தான் முதலில் பார்ப்பார்.

அந்த இரண்டாவது 12 லட்சம் எப்படிக் கூடுகிறது, எப்படிக் கரைகிறது என்பதை ஒரு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். எண்களை எளிமைக்காக நானே வைத்துக்கொண்டேன். விதிகள் மட்டும் இந்தத் துறையில் நடைமுறையில் இருப்பவைதான்.

ஆண்டு டார்கெட் 1.2 கோடி ரூபாய் விற்பனை. இதைத்தான் ஆபீசில் கோட்டா என்பார்கள். 1.2 கோடிக்கு 12 லட்சம் என்றால் கமிஷன் 10 சதவீதம். கோட்டாவை நான்கு காலாண்டாகப் பிரித்து, காலாண்டுக்கு 30 லட்சம் என்று வைக்கிறார்கள். இதோடு இரண்டு விதிகள். காலாண்டு கோட்டாவில் பாதியை, அதாவது 15 லட்சத்தை, எட்டாவிட்டால் கமிஷனே கிடையாது. எட்டிவிட்டால் முதல் ரூபாயிலிருந்து 10 சதவீதம். கோட்டாவான 30 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டும் 15 சதவீதம். இந்த இரண்டாவது விதிக்குப் பெயர்தான் ஆக்சிலரேட்டர். விற்பனையாளர் கோட்டாவை முடித்தவுடன் காலை நீட்டி உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காக வைப்பது.

இப்போது மூன்று பேர். மூவரும் ஆண்டுக்கு விற்றது சரியாக 1.2 கோடி. முதலாமவர் காலாண்டுக்கு 30 லட்சம் என்று ஒரே சீராக விற்கிறார். அவருக்குச் சொன்னபடி 12 லட்சம். இரண்டாமவரின் விற்பனை 20, 40, 20, 40 லட்சம் என்று ஏறி இறங்குகிறது. 20 லட்சக் காலாண்டில் 2 லட்சம் கிடைக்கிறது. 40 லட்சக் காலாண்டில் முதல் 30 லட்சத்துக்கு 3 லட்சம், மேலே உள்ள 10 லட்சத்துக்கு ஒன்றரை லட்சம், ஆக நாலரை லட்சம். ஆண்டுக்கு மொத்தம் 13 லட்சம். மூன்றாமவர் இன்னும் மேடு பள்ளமானவர்: 12, 48, 12, 48 லட்சம். 12 லட்சக் காலாண்டு 15-ஐத் தொடாததால் அதற்கு ஒன்றுமில்லை. 48 லட்சக் காலாண்டுக்கு 5.7 லட்சம். மொத்தம் 11.4 லட்சம்.

நிறுவனத்துக்கு மூவரும் கொண்டுவந்தது ஒரே தொகை. கைக்கு வந்ததில் 1.6 லட்சம் வரை வித்தியாசம். திறமையோ உழைப்போ காரணமில்லை. எந்த ஒப்பந்தம் எந்தத் தேதியில் கையெழுத்தானது என்பதுதான் காரணம்.

தேதிக்கு விலை வந்துவிட்டால் மனிதர்கள் தேதியை நகர்த்தத்தான் செய்வார்கள். ஜூன் கடைசி வாரத்தில் 2 லட்ச ரூபாய்க்கு ஒரு வாடிக்கையாளர் தயாராக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விற்பனையாளர் அதுவரை 20 லட்சம் விற்றிருந்தால் அந்தக் கையெழுத்தின் மதிப்பு அவருக்கு 20,000 ரூபாய். ஏற்கெனவே 30 லட்சத்தைத் தொட்டிருந்தால் 30,000. 10 லட்சத்தில் நின்றால் பூஜ்யம், ஏனென்றால் 12 ஆனாலும் 15-ஐ எட்டாது. 13 லட்சத்தில் நின்றால்? அந்த 2 லட்சம் அவரை 15-க்குக் கொண்டுபோய்விடும். அதுவரை செல்லாக்காசாக இருந்த விற்பனை முழுவதற்கும் கமிஷன் உயிர்பெறும். கிடைப்பது 1.5 லட்சம்.

13-ல் நிற்பவர் என்ன செய்வார் என்று ஊகிக்கலாம். இரண்டரை லட்சம் விலையுள்ள சந்தாவை, "சார், இந்த வாரமே சைன் பண்ணிட்டீங்கன்னா 20 பர்சென்ட் குறைச்சுத் தர்றேன்" என்று 2 லட்சத்துக்குத் தள்ளிவிடுவார். நிறுவனம் விலையில் 50,000 இழந்து, வந்த 2 லட்சத்துக்காக ஒன்றரை லட்சம் கமிஷனும் தரும். 10-ல் நிற்பவரோ, "ஜூலை முதல் வாரத்துல பேப்பர் வேலையெல்லாம் முடிச்சுக்கலாம் சார், அவசரமில்லை" என்பார். அடுத்த காலாண்டுக்கு அது நல்ல தொடக்கம். இப்படி ஒப்பந்தத்தைப் பதுக்கி வைப்பதற்கு அந்தத் தொழிலில் சாண்ட்பேகிங் என்று பெயரே உண்டு. மேலாளர்கள் திட்டுவார்கள். அவர்களும் விற்பனையாளராக இருந்து மேலே வந்தவர்கள்தான் என்பதால் திட்டில் அவ்வளவு காரம் இருக்காது.

ஆக்சிலரேட்டர் என்ற சொல்லைப் பார்த்ததும் மயங்குபவர்கள் ஒரு வரியை இரண்டு முறை படிக்க வேண்டும்: கூடுதல் விகிதம் தாண்டிய பகுதிக்கு மட்டுமா, முதல் ரூபாயிலிருந்தா? காலாண்டில் 31 லட்சம் விற்றால், முதல் வகையில் 3.15 லட்சம், இரண்டாவது வகையில் 4.65 லட்சம். பெரும்பாலும் முதல் வகைதான் இருக்கும். இன்டர்வியூவில் சொல்லும்போது இரண்டும் ஒன்றுபோலவே காதில் விழும்.

அடுத்து, கொடுத்ததைத் திரும்பப் பிடிப்பது: க்ளாபேக். நம் ஊரில் காப்பீட்டு முகவர்களுக்கு இந்தச் சொல் சமீபத்தில்தான் நன்றாகப் பழகியது. 2024 அக்டோபர் 1 முதல், ஓராண்டு பிரீமியம் கட்டிய பாலிசியை ஒப்படைத்தாலும் வாடிக்கையாளருக்கு ஒரு தொகை திரும்பத் தரவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. முதலாண்டிலேயே பெரிய கமிஷனை முகவருக்குக் கொடுத்துவிடும் வழக்கத்துக்கு அது இடித்தது. பாலிசி பாதியில் நின்றால் முகவரிடமிருந்து கமிஷனைத் திரும்பப் பெறுவது என்ற பேச்சு எழுந்தது. எல்ஐசி முகவர் சங்கங்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தன.

மென்பொருள் விற்பனையில் க்ளாபேக் வழக்கமாக இரண்டு சந்தர்ப்பங்களில் வரும். வாடிக்கையாளர் பில்லைக் குறித்த நாளுக்குள் கட்டவில்லை, அல்லது சில மாதங்களிலேயே சந்தாவை ரத்து செய்துவிட்டார். இரண்டிலும் விற்பனையாளரின் தப்பு இல்லாமலும் இருக்கலாம். மென்பொருளை நிறுவிக் கொடுக்கும் குழு இழுத்தடித்திருக்கலாம். வாடிக்கையாளரின் கம்பெனியே மூடியிருக்கலாம். விதி காரணம் கேட்காது.

நம் இரண்டாமவருக்கே வருவோம். 40 லட்சம் விற்று நாலரை லட்சம் வாங்கிய காலாண்டில், 12 லட்சத்துக்கு ஒப்பந்தம் போட்ட ஒரு வாடிக்கையாளர் பணமே கட்டவில்லை. அடுத்த காலாண்டில் இவர் 20 லட்சம் விற்றிருக்கிறார், 2 லட்சம் வரவேண்டும். எவ்வளவு பிடிப்பார்கள்? திட்ட ஆவணத்தின் வாசகத்தைப் பொறுத்து மூன்று விடைகள் உண்டு.

12 லட்சத்துக்குச் சாதாரண 10 சதவீதம் என்று வைத்தால் பிடித்தம் 1.2 லட்சம், கையில் 80,000 நிற்கும். பழைய காலாண்டையே திறந்து திருத்துவது இன்னொரு வகை. அப்போது 40 லட்சம் 28 ஆகிவிடும், ஆக்சிலரேட்டர் மறைந்துபோகும், அந்தக் காலாண்டுக்கு உரியது 2.8 லட்சம்தான் என்றாகும். பிடித்தம் 1.7 லட்சம், கையில் 30,000. மூன்றாவது வகை, போன 12 லட்சத்தை இந்தக் காலாண்டு விற்பனையிலிருந்து கழிப்பது. 20 லட்சம் 8 ஆகிவிடும். 8 லட்சம் 15-ஐத் தொடாது. ஆகவே கமிஷன் பூஜ்யம். 2 லட்சமும் போயிற்று. பார்வைக்கு மிகச் சாதுவாகத் தெரியும் இந்த மூன்றாவது வாசகம்தான் நம் ஆளுக்கு அதிகம் வலிக்கிறது. "ரத்தான விற்பனை நடப்புக் காலாண்டில் சரிக்கட்டப்படும்" என்று ஒரே வரியில் எழுதியிருப்பார்கள்.

வருமான வரியும் இதில் நுழைகிறது. நாலரை லட்சம் கொடுக்கும்போதே டிடிஎஸ் பிடித்திருப்பார்கள். அதே நிதியாண்டுக்குள் கமிஷனைத் திரும்பப் பிடித்தால் சம்பளக் கணக்கில் நேர்செய்துவிடலாம். மார்ச் 31-ஐத் தாண்டிவிட்டால், அதிலும் வேலையை விட்டுப் போனவர் கைக்காசிலிருந்து திருப்பிக் கட்ட நேர்ந்தால், போன ஆண்டு கட்டிய வரியை மீட்பது சுலபமில்லை.

இத்தனையையும் சமாளித்து ஒருவர் நல்ல ஆண்டு ஒன்றைப் பார்த்தாலும், ஏப்ரலில் புதுத் திட்டம் வரும். கோட்டா 1.2 கோடியிலிருந்து 1.5 கோடி ஆகிறது. கமிஷன் தொகை அதே 12 லட்சம். யாரும் சம்பளத்தைக் குறைத்ததாகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் விகிதம் 10-லிருந்து 8 சதவீதமாக இறங்கிவிட்டது. போன ஆண்டைப் போலவே 1.2 கோடியைச் சீராக விற்றால் இப்போது 9.6 லட்சம்தான். கோட்டா எங்கிருந்து வருகிறது என்றும் தெரிந்துகொள்வது நல்லது. நிறுவனத்தின் இலக்கு 10 கோடி என்றால், விற்பனையாளர்களின் கோட்டாவைக் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் 10 கோடிக்கு மேல் வரும். சிலர் முடிக்க மாட்டார்கள், சிலர் பாதியில் போய்விடுவார்கள் என்று ஒவ்வொரு மேலாளரும் தன் பங்குக்குக் கொஞ்சம் ஏற்றி வைப்பார். ஆகவே எல்லோரும் 24 லட்சம் வாங்குவார்கள் என்று அந்தத் திட்டத்தைப் போட்டவர்களே எதிர்பார்ப்பதில்லை. வேலைக்குச் சேரும் முன் கேட்க வேண்டிய கேள்வி, "போன வருஷம் உங்க டீம்ல எத்தனை பேர் கோட்டாவை முடிச்சாங்க?" என்பது. பதில் மழுப்பலாக வந்தால் 24-ஐ மறந்துவிட்டு 12-ஐ வைத்துக் குடும்பக் கணக்கைப் போடுவது பாதுகாப்பு.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2013 முதல், கமிஷன் எப்படிக் கணக்கிடப்படும் என்பதைச் சொல்லும் எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்பது சட்டம். இங்கே பல ஆஃபர் லெட்டர்களில், திட்டத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு என்ற வாசகம் இருக்கிறது. திட்ட ஆவணம் சேர்ந்த பிறகே கைக்கு வருவதும் உண்டு.

அதில் கடைசிப் பக்கங்களில் வரும் இன்னொரு வாசகம்: கமிஷன் வழங்கும் நாளில் ஊழியர் பணியில் இருக்க வேண்டும், நோட்டீஸ் காலத்திலும் இருக்கக் கூடாது. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான விற்பனைக்கான கமிஷன் நவம்பரில்தான் வரும் என்றால், அக்டோபரில் ராஜினாமா கொடுப்பவர் தன் நாலரை லட்சத்தை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போகிறார். விவரம் தெரிந்தவர்கள் நவம்பர் சம்பளம் வங்கியில் ஏறியதை எஸ்எம்எஸ்ஸில் பார்த்த பிறகே கடிதத்தை அனுப்புகிறார்கள். விற்பனைப் பிரிவுகளில் ராஜினாமாக்கள் கமிஷன் வந்த வாரத்தில் கும்பலாக வருவது இதனால்தான். புதிய ஆட்களை எடுக்கும் கன்சல்டன்ட்டுகளும் அந்த வாரத்தைக் குறித்து வைத்துக்கொண்டுதான் போன் செய்கிறார்கள்.